கொடுக்கும்போது பதிவதா, மாதந்தோறும் ஒதுக்குவதா: மிகைநேரம், போனஸ், விடுப்புப் பணமாக்கலுக்கான குறிப்பேட்டுப் பதிவுகள்

சிறிய தொழிற்சாலைகளின் சம்பளக் கணக்கை இரண்டு வழிகளில் எழுதுகிறார்கள். பணம் கைமாறும் மாதத்தில் முழுத் தொகையையும் செலவாகப் பதிவது ஒரு வழி. உழைப்பு நடந்த மாதத்திலேயே கடமையைப் பதிந்து வைத்து, பணம் கொடுக்கும்போது அந்தக் கடமையைத் தீர்ப்பது மற்றொரு வழி. பணியாளர் பயன்களுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 19 இரண்டாவது வழியையே கேட்கிறது. ஆனால் மிகைநேர ஊதியம், போனஸ், விடுப்பைப் பணமாக்குதல் ஆகிய மூன்றிலும் இந்த இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே அளவில் இருப்பதில்லை. மிகைநேரத்தில் அது சிறியது, போனஸில் வெளிப்படையானது. விடுப்பில்தான் அது கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. ஆகவே அதற்கு இங்கே அதிக இடம் தருகிறேன்.

25 தொழிலாளர்கள் உள்ள ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 20,800. மாதத்துக்கு 26 வேலை நாட்கள் என்ற கணக்கில் ஒரு நாள் ஊதியம் 800, எட்டு மணி நேர வேலையில் ஒரு மணிக்கு 100. மிகைநேரத்துக்கு இரட்டை விகிதம், அதாவது மணிக்கு 200. மார்ச் மாதச் சம்பளப் பட்டியலின் மொத்தம் 5,20,000.

மிகைநேரத்தைப் பொறுத்தவரை சிக்கலே பட்டியலை மூடும் தேதியில்தான் இருக்கிறது. இத்தொழிற்சாலை 25ஆம் தேதியுடன் மிகைநேர அட்டைகளை மூடுகிறது. மார்ச் பட்டியலில் ஏறியது 310 மணி நேரம், தொகை 62,000. அதில் பிப்ரவரியின் கடைசி நாட்களில் உழைத்த 40 மணி நேரம் (8,000) அடங்கியிருக்கிறது. மார்ச் 26 முதல் 31 வரை உழைத்த 90 மணி நேரம் (18,000) அடங்கவில்லை. முதல் வழியில் மார்ச் செலவு 62,000 என்று நின்றுவிடும். இரண்டாவது வழியில் இரண்டு பதிவுகள் கூடுகின்றன.

மார்ச் 1: கொடுபட வேண்டிய மிகைநேர ஊதியக் கணக்கு, பற்று 8,000, மிகைநேர ஊதியக் கணக்கு, வரவு 8,000.

மார்ச் 31: மிகைநேர ஊதியக் கணக்கு, பற்று 18,000, கொடுபட வேண்டிய மிகைநேர ஊதியக் கணக்கு, வரவு 18,000.

இவற்றுக்கு நடுவே பட்டியலின் 62,000 வழக்கம்போல் பற்று வைக்கப்படுவதால் மார்ச் செலவு 72,000 ஆகிறது. முதல் தேதியில் எழுத வேண்டிய எதிர்ப்பதிவை மறப்பதே இங்கு அடிக்கடி நேரும் பிழை. மறந்தால் 8,000 இரண்டு மாதங்களிலும் செலவாகிவிடும். கொடுபட வேண்டிய கணக்கில், எந்த அட்டைக்கும் பொருந்தாத ஒரு பழைய இருப்பு தங்கிவிடும். பட்டியலை மாதக் கடைசி நாளிலேயே மூடக்கூடிய தொழிற்சாலைக்கு இந்த இரு பதிவுகளும் வேண்டியதில்லை. அங்கே இரு வழிகளும் ஒரே செலவைத்தான் காட்டும்.

போனஸ் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று வைத்தால் மொத்தம் 5,20,000. முதல் வழியில் அது வழங்கப்படும் ஒரே மாதத்தில் சம்பளச் செலவு இரட்டிப்பாகத் தெரியும், மற்றப் பதினொரு மாதங்களும் உள்ளதைவிட மலிவாகத் தெரியும். அந்த மலிவான செலவை நம்பி ஒரு பொருளுக்கு விலை சொன்னவர் பின்னர் வருந்த நேரிடும். இரண்டாவது வழியில் மாதந்தோறும் போனஸ் செலவுக் கணக்கைப் பற்று வைத்து, போனஸ் ஒதுக்குக் கணக்கை 43,333 வரவு வைக்கிறோம். கடைசி மாதம் மட்டும் 43,337 வைத்தால் கூட்டல் சரியாகிவிடும். போனஸ் வழங்கும் நாளில் பற்று ஒதுக்குக் கணக்குக்குத்தான், செலவுக் கணக்குக்கு அல்ல. தகுதி பெறும் முன்பே ஒருவர் விலகி, அவருக்குப் போனஸ் உரிமை இல்லையென்றால், அவர் பங்குக்கு ஒதுக்கியதை அந்த மாதமே திருப்பி எழுத வேண்டும்.

இனி விடுப்பு. மார்ச் தொடக்கத்தில் தொழிலாளர்களின் கணக்கில் 200 நாட்கள் சேர்ந்திருந்தன. ஒதுக்கின் மதிப்பு 1,60,000. அந்த மாதம் ஆளுக்கு ஒரு நாள் வீதம் 25 நாட்கள் ஈட்டப்பட்டன, 12 நாட்கள் விடுப்பாக எடுக்கப்பட்டன, 30 நாட்கள் பணமாக்கப்பட்டன. மீதி 183 நாட்கள், மதிப்பு 1,46,400. முதல் வழியில் இந்த மாதச் செலவு, பணமாக்கிய 24,000 மட்டுமே. அந்த 30 நாட்களோ பல மாதங்களுக்கு முன்பு ஈட்டப்பட்டவை. அதைவிட, இன்னும் தீராத 1,46,400 என்ற கடமை ஏடுகளில் எங்குமே இருக்காது. மூத்த தொழிலாளர்கள் சிலர் ஒரே சமயத்தில் ஓய்வு பெறும்போதுதான் அது தெரியவரும்.

இரண்டாவது வழியிலும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒவ்வோர் அசைவையும் எழுதுவது. ஈட்டிய 25 நாட்களுக்கு விடுப்புச் செலவுக் கணக்கு பற்று 20,000, விடுப்பு ஒதுக்குக் கணக்கு வரவு 20,000. எடுத்த 12 நாட்களுக்கு விடுப்பு ஒதுக்குக் கணக்கு பற்று 9,600, சம்பளக் கணக்கு வரவு 9,600. பணமாக்கிய 30 நாட்களுக்கு விடுப்பு ஒதுக்குக் கணக்கு பற்று 24,000, கொடுபட வேண்டிய சம்பளக் கணக்கு வரவு 24,000. நடுவில் உள்ள பதிவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுப்பு நாளுக்கான ஊதியம் 5,20,000க்குள் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் தனியாக எதுவும் எழுத வேண்டாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பதிவு இல்லாவிட்டால், ஈட்டியபோது ஒரு முறையும் எடுத்தபோது ஒரு முறையும் அதே நாள் செலவாகிறது. மாதம் 12 நாட்கள் வீதம் ஓராண்டில் 1,15,200 அளவுக்கு ஒதுக்கு வீங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விடுப்புப் பதிவேட்டில் உள்ள நாட்களை நாள் ஊதியத்தால் பெருக்கி, பேரேட்டு இருப்புடன் ஒப்பிடுவது.

மற்ற முறை அந்தப் பெருக்கலையே பதிவாக்கிவிடுகிறது. பணமாக்கிய 24,000ஐ மட்டும் ஒதுக்கிலிருந்து கழித்தால் 1,36,000 நிற்கும். இருக்க வேண்டியது 1,46,400. குறைவான 10,400க்கு ஒரே பதிவு போதும்: விடுப்புச் செலவுக் கணக்கு பற்று, விடுப்பு ஒதுக்குக் கணக்கு வரவு. முதல் முறையின் 20,000இலிருந்து 9,600 போனாலும் இதே தொகைதான். மார்ச் மாதத்தின் மொத்தச் செலவு, கொடுக்கும்போது பதியும் வழியில் 6,06,000. ஒதுக்கும் வழியில் சம்பளம், மிகைநேரம், போனஸ், விடுப்பு எல்லாம் சேர்த்து 6,45,733.

துறைவாரியாக விடுப்புச் செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லாதவரை, சிறிய தொழிற்சாலைக்கு இருப்பை ஒப்பிடும் முறையையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் முதல் நாள் ஊதியம் 840 ஆக உயரும் என்று மார்ச் மாதத்திலேயே முடிவாகிவிட்டால், மீதமுள்ள 183 நாட்களின் மதிப்பு 1,53,720. கூடும் 7,320 மார்ச் மாதச் செலவைச் சேர்ந்தது. ஏப்ரலில் முடிவெடுத்திருந்தால்தான் அது ஏப்ரலுக்குப் போகும். அசைவுகளை மட்டும் எழுதிவருபவர் இந்த உயர்வுக்கெனத் தனிப் பதிவு ஒன்றை நினைவில் வைத்து எழுத வேண்டும். இருப்பை ஒப்பிடுபவர் புதிய விகிதத்தால் பெருக்கினாலே அது தானாக வந்துவிடும்.