வீடு கட்டுபவர்களே, பி.ஓ.க்யூ என்ற அளவு-ரேட் பட்டியலில் மொத்தத் தொகையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் (2,71,500 ரூபாய் போன கதை)

நேற்றுதான் கடைசி பில்லுக்குப் பணம் கட்டினேன். கொட்டேஷனில் 21,40,000. கடைசியில் வந்தது 24,11,500. வீட்டில் ஒரு சுவரைக்கூடக் கூடுதலாகக் கட்டச் சொல்லவில்லை, பிளானில் ஒரு கோடுகூட மாறவில்லை. 2,71,500 ரூபாய் எங்கே ஏறியது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரரையும் கட்டடக் காண்ட்ராக்டரையும் சேர்த்துவைக்கும் ஒரு செயலி வழியாகத்தான் ஆளைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். 1,080 சதுர அடி, தரைத்தளம் மட்டும். மூன்று கொட்டேஷன் வந்தது. ஒன்றை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம். மிச்சம் இரண்டில், உள்ளூர் மேஸ்திரி வைத்து வேலை செய்யும் ஒரு இன்ஜினியருடையது 22,65,000. செயலி ஆளுடையது 21,40,000. இவர்களுடைய இன்ஜினியர் வீட்டுக்கே வந்தார். லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஐட்டமாகப் படித்துக் காட்டினார். "சார், ரேட்டுல எங்க வேணா பேரம் பேசுங்க" என்றார். பெயின்டிங் ரேட்டைக் குறைக்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே உடனே குறைத்தார். என் மனைவி, "தங்கமான பிள்ளைங்க" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது.

பேரம் பேச விட்டது ரேட் நெடுவரிசையில். விளையாடியது அதற்குப் பக்கத்திலிருந்த அளவு நெடுவரிசையில்.

பி.ஓ.க்யூ-வில் ஒவ்வொரு வரியிலும் வேலையின் விவரம், அலகு, அளவு, ரேட், தொகை என்று இருக்கும். ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் நம்மைக் கட்டுப்படுத்துவது ரேட் மட்டும்தான். அளவு உத்தேசம், வேலை முடிந்தபின் அளந்து, உண்மையில் எவ்வளவு வந்ததோ அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆகவே அதிக ரேட் உள்ள ஐட்டத்தில் அளவைக் குறைத்து எழுதிவிட்டால், மொத்தம் குறைந்ததாகத் தெரியும். போட்டியில் ஜெயித்துவிடலாம். பிறகு அளக்கும்போது தானாக ஏறும்.

பேஸ்மென்ட் நிரப்புவதைப் பாருங்கள். வெளியிலிருந்து கிராவல் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்துவது, கன மீட்டருக்கு 1,900 ரூபாய். அளவு 22 கன மீட்டர் என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் சுவர் போக மிச்சமுள்ள தரை 88 சதுர மீட்டர், நிரப்பும் உயரம் முக்கால் மீட்டர். பெருக்கினால் 66. பிளானை வைத்துக்கொண்டு யாரும் போடக்கூடிய கணக்கு. 22-க்கும் 66-க்கும் நடுவே 44 கன மீட்டர், அதாவது 83,600 ரூபாய். மற்றவருடைய கொட்டேஷனை இப்போது எடுத்துப் பார்க்கிறேன், அதில் 64 என்று இருக்கிறது. அவர் ஒழுங்காக எழுதியதால்தான் அவருடைய மொத்தம் பெரிதாகத் தெரிந்தது. அந்த மனுஷனிடம் இப்போது எந்த முகத்தோடு பேசுவது?

அடுத்து கம்பி. பி.ஓ.க்யூ-வில் 2,600 கிலோ, கிலோ 98 ரூபாய், வெட்டி வளைத்துக் கட்டும் கூலியோடு. எங்கே எவ்வளவு கம்பி என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வருவதற்கு முன்பே எழுதிய எண் அது. இப்படிப்பட்ட சின்ன வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை முதல் நாலு கிலோ என்று மேஸ்திரிகளே சொல்வார்கள். 1,080 சதுர அடிக்கு 3,780-க்குக் குறைந்து வரவே வராது. பில்லில் வந்தது 4,000. கூடுதல் 1,400 கிலோ, 1,37,200 ரூபாய்.

"நிஜமாவே அவ்வளவு கம்பி போச்சு சார், என்ன பண்றது?" என்றார்கள். டிராயிங்கை வைத்து ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் கூட்டிப் பார்த்தேன். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.889. கம்பியோடு கம்பி ஏறி இணையும் லேப்பையும் சேர்த்து 3,810 கிலோதான் வந்தது. மீதி 190 கிலோ? வேஸ்டேஜ், கட்டுக்கம்பி என்று ஐந்து சதவீதம் தனியாக ஏற்றியிருக்கிறார்கள். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 அளவீட்டு முறையில் இவை இரண்டும் ரேட்டுக்குள்ளேயே அடக்கம். தனியாக அளந்து பணம் கேட்கக் கூடாது.

அவர்களுடைய இன்ஜினியரிடம் கேட்டேன். அப்போதுதான் பொருள் விவரங்கள் எழுதிய ஸ்பெக் ஷீட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். முன்பக்கங்களில் சிமெண்ட் மூட்டை, டைல்ஸ், குழாய் என்று கலர் கலராகப் படங்கள். கடைசியில் பொடி எழுத்தில் "அளவீட்டு முறை". கம்பிக்குக் களத்துக்கு வந்த எடைச்சீட்டின்படி, வேஸ்டேஜ் உட்பட. செங்கல் கட்டு வேலையில் கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பது கிடையாது. "எழுதித்தான் கொடுத்திருக்கோம் சார், நீங்க ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அன்று வீட்டில் படித்துக் காட்டியபோது இந்தப் பக்கத்தை மட்டும் "இது ஸ்டாண்டர்டு" என்று தாண்டியவரும் இவரேதான்.

அந்தச் செங்கல் வரியைப் புரிந்துகொள்ளுங்கள். என் வீட்டில் பதினைந்து திறப்புகள், கூட்டினால் சுமார் 28.5 சதுர மீட்டர். ஒன்பது அங்குலச் சுவரானால் கிட்டத்தட்ட ஆறரை கன மீட்டர். கன மீட்டர் 7,800 வீதம் 50,700 ரூபாய். கதவு நிற்கும் காலி இடத்துக்குச் செங்கல் காசு! பி.ஓ.க்யூ அளவில் மட்டும் திறப்பைக் கழித்து எழுதியிருந்தார்கள், மொத்தம் குறைந்து தெரிய வேண்டுமே. பில்லில் கழிக்கவில்லை. ஐ.எஸ். 1200-ன்படி 0.1 சதுர மீட்டருக்கு மேல் எந்தத் திறப்பையும் கழித்தே ஆக வேண்டும்.

83,600, 1,37,200, 50,700. கூட்டினால் அதே 2,71,500.

கிராவலும் கம்பியும் பெரும்பாலும் நிஜமாகவே போனவைதானே என்று கேட்பீர்கள். சரி, போகட்டும். ஆனால் உண்மை அளவு முதலிலேயே தெரிந்திருந்தால் இவர்களைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம். 22,65,000-ல் முடிந்திருக்கும்.

செயலியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல்: "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார், காண்ட்ராக்டர்தான் உங்களைத் தொடர்புகொள்வார்." அந்தக் காண்ட்ராக்டரைப் பற்றித்தானம்மா புகாரே என்றேன். "புரியுது சார்." சைட் இன்ஜினியர், "ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார். ஆபீஸில், "சைட்ல அளந்து கையெழுத்து வாங்கிட்டோமே." பில் செட்டில் ஆகாமல் டைல்ஸ் ஆட்கள் வர மாட்டார்கள் என்று ஒரு மெசேஜ். வாடகை வீட்டைக் காலி செய்யத் தேதி சொல்லிவிட்டோம். கட்டினேன்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வரும்வரை கம்பி அளவை நம்பாதீர்கள். இரண்டு கொட்டேஷன்களின் அளவு நெடுவரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரேட்டை அப்புறம் பார்க்கலாம். எங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறதோ அங்கே பிளானை எடுத்து நீங்களே பெருக்குங்கள். ஸ்பெக் ஷீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். அளவீடு ஐ.எஸ். 1200-ன்படி என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்த ஆள் வேண்டாம். பி.ஓ.க்யூ அளவுக்கு மேல் பத்து சதவீதம் தாண்டினால் வேலைக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலை பில்லை இன்னும் சரிபார்க்கவில்லை. அதிலும் திறப்புகளைக் கழிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.