கூட்டத்துக்கு முன் போகும் அஜெண்டா மெயில்: இரண்டு வருடப் பழக்கத்தில் கண்டது

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் புராஜெக்ட் வேலைகளை ஒருங்கிணைக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு மணி நேரக் கூட்டம், புதன் மதியத்துக்குள் அதற்கான அஜெண்டா மெயில் போய்விடும். முதலில் வியாழன் மாலைதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அது படிக்கவே நேரம் தரவில்லை, அதனால் ஒரு நாள் முன்னே தள்ளினேன்.

முதல் ஆறு மாதம் பெரிய பலன் இல்லை. காரணம் நான் எழுதிய விதம். "எடைமேடை - நிலவரம், 20 நிமிடம்" என்று போட்டால் ஆளாளுக்கு நிலவரம் சொன்னார்கள், இருபது நிமிடம் நாற்பதாகி, முடிவு அடுத்த வாரத்துக்குப் போனது. எவ்வளவு நேரம் என்று எழுதியிருந்தேனே தவிர, அந்த நேரத்துக்குள் எதை முடிக்க வேண்டும் என்று எழுதவில்லை. இப்போது அஜெண்டாவின் ஒவ்வொரு பொருளையும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகவே எழுதுகிறேன். புது எடைமேடை போட்டபோது அனுப்பியது இப்படி இருந்தது:

> 2. பழைய எடைமேடையை எப்போது நிறுத்துவது? (20 நிமிடம்)
> வழி அ: 3ஆம் தேதியே நிறுத்தி, புதியதற்கு முத்திரை கிடைக்கும்வரை வெளியே எடை போடுவது.
> வழி ஆ: முத்திரை கிடைத்த மறுநாள் நிறுத்துவது. அந்த இடத்தில் தளம் போடும் வேலை அதுவரை நிற்கும்.
> முடிவு சொல்பவர்: யார்டு மேனேஜர். என் பரிந்துரை: அ.
> படிக்க வேண்டியது: இணைப்பு 1, பக்கம் 2 மட்டும் (5 நிமிடம்).

புது எடைமேடையைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு சோதித்து முத்திரை வைத்த பிறகுதான் அதில் எடை போட்டு ரசீது தரலாம். மறுபக்கம் மழைக்காலம் வந்துகொண்டிருந்தது, அக்டோபர் நடுவுக்குள் தளம் முடியாவிட்டால் கான்கிரீட் வேலை இழுத்துவிடும் என்ற பயத்தில்தான் நான் அ-வைப் பரிந்துரைத்தேன்.

புதன் ராத்திரியே யார்டு மேனேஜர் போன் செய்தார். "ஏம்மா, வெளிய எடை போட வண்டிக்கு அரை மணி நேரம்னு போட்டிருக்க. சாயங்காலம் எண்ணூர் ரோட்டுல க்யூ நிக்குமே, அதை எங்க சேர்த்த?" சேர்க்கவில்லைதான். நாளைக்கு 40 வண்டி, தலைக்கு அரை மணி என்று 20 மணி நேரம் காட்டியிருந்தேன். அதில் மாலை வண்டிகள் 15, அவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் அவர். திருப்பிப் போட்டால் 35 மணி நேரம் வந்தது. வியாழன் காலை பக்கத்தைத் திருத்தி, என்ன மாறியது என்பதை மெயிலின் முதல் வரியில் எழுதி, பரிந்துரையையும் ஆ என்று மாற்றி அனுப்பினேன். கூட்டத்தில் அந்தப் பொருள் 14 நிமிடத்தில் முடிந்தது. அதிலும் பாதி நேரம், தளம் போடுகிறவருக்கு அந்த நாட்களில் வேறு எந்த வேலை கொடுப்பது என்பதற்கே போனது. முன்கூட்டியே படிக்கக் கொடுப்பதில் எனக்குக் கிடைத்த உண்மையான பலன் இதுதான், தப்பு கூட்டத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது.

இரண்டு பக்கத்துக்கு மேல் இணைத்தால் யாரும் திறப்பதில்லை. ஒருமுறை ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டை 40 பக்கத்துக்கு அப்படியே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் நானே முதலிலிருந்து விளக்க வேண்டி வந்தது. பலரும் போனில்தான் பார்க்கிறார்கள் என்பதால் முக்கியமான நாலு எண்களை மெயிலுக்குள்ளேயே எழுதிவிடுகிறேன்.

நேர வரம்பைப் பொறுத்தவரை, 60 நிமிடத்துக்கு 60-ஐயும் பங்கு போடக்கூடாது, நான் 50 தான் போடுகிறேன். ஒரு பொருளுக்கு ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது "இனி முடிவு" என்று சொல்ல ஒருவர் வேண்டும், அது அந்தப் பொருளைப் பேசுகிறவராக இருக்கக்கூடாது. எங்களிடம் கணக்குப் பிரிவு அக்கா பார்த்துக்கொள்கிறார். நேரம் முடிந்தும் முடிவு வரவில்லை என்றால் எந்தத் தகவல் குறைகிறது, யார், எந்தத் தேதிக்குள் கொண்டுவருவார் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். முடிவு சொல்ல வேண்டியவர் வருகிறாரா என்று வியாழன் மாலையே கேட்டுவிடுவேன், அவர் வராவிட்டால் அந்தப் பொருளை அஜெண்டாவிலிருந்து நீக்கிவிடுவேன். முடிவு எதுவும் தேவைப்படாத வாரத்தில் கூட்டமே கிடையாது, நிலவரம் தனி மெயிலில் போகும்.

சரிப்படாத இடம் வெளி ஒப்பந்ததாரர்கள். சைட்டில் நிற்கிறவர் மெயில் பார்ப்பதில்லை. அவருக்கு வியாழன் மாலை போன் போட்டு, அவர் சம்பந்தப்பட்ட கேள்வியையும் இரண்டு வழிகளையும் படித்துக் காட்டுகிறேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது, இன்னும் வேறு வழி கண்டுபிடிக்கவில்லை.