28 பல்லிலிருந்து 34 பல்லுக்கு: கோத்தகிரி ஏற்றத்தில் நான்கு வருட அனுபவம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,790 மீட்டரில் போய் நிற்க வேண்டும். இந்தச் சாலையில் நான்கு வருடமாக மாதம் ஒருமுறையாவது ஏறுகிறேன். முதல் இரண்டு வருடம் சைக்கிளோடு வந்த 11-28 கேசட்டில், அதாவது பின்சக்கரத்தில் 11 பல் முதல் 28 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கில். அடுத்த இரண்டு வருடம் 11-34 கேசட்டில். முன்னால், மிதியோடு சுற்றும் இடத்தில், இரண்டு காலத்திலும் 50 பல், 34 பல் சக்கரங்கள் கொண்ட அதே 50-34 கிராங்க். சைக்கிள், தண்ணீர், நான் எல்லாம் சேர்த்து 84 கிலோ.

பழைய கேசட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். குஞ்சப்பனை வரை சுகமாகப் போகும். அப்புறம் செங்குத்தான வளைவுகள் வரும்போது தொடை கல்லாகிவிடும். அரவேனு போவதற்குள் மூன்று தடவையாவது இறங்கி நிற்பேன். மறுநாள் மாடிப்படி இறங்கினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். கூட ஓட்டுகிற தம்பி ஒருவன், "பயிற்சி போதலண்ணா, கால் பழகிட்டா சரியாயிடும்" என்பான். நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருடம் பழகியும் வலி போகவில்லை.

அலைபேசியில் பதிவான பயணங்களைப் பொறுமையாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிற்கிற நேரத்தைக் கழித்துவிட்டால், என்னால் ஒரு மணி நேரத்தில் சுமார் 560 மீட்டர் உயரம் ஏற முடிகிறது. நல்ல நாளில் கொஞ்சம் கூடும், வெயிலில் குறையும். மலையில் வேகத்தை முடிவு செய்வது இந்த எண்தான். கியர் இல்லை. மணிக்கு ஏறும் உயரத்தை, ஏற்றத்தின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போவோம் என்று தெரிந்துவிடும். 5 சதவீத ஏற்றத்தில் 560-ஐ 50-ஆல் வகுக்க, 11.2 கிலோமீட்டர். 8 சதவீதத்தில் 560-ஐ 80-ஆல் வகுக்க, 7 கிலோமீட்டர். அதற்கு மேல் வேகமாகப் போனால் கடன் வாங்கி ஓட்டுகிறேன் என்று அர்த்தம்.

வேகம் இப்படி முடிவாகிவிட்ட பிறகு, கியரின் வேலை ஒன்றே ஒன்று. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம், அதாவது கேடன்ஸ் எவ்வளவு என்பதை அது தீர்மானிக்கிறது. முன்னால் 34, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 1.21 சுற்று சுற்றும். என் டயரின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 2.55 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 117 மீட்டர். 117-ஐ 2.55-ஆல் வகுத்தால் 46 மிதி. அதே இடத்தில் பின்னால் 34 இருந்தால் ஒரு மிதிக்கு ஒரே ஒரு சக்கரச் சுற்று, 2.1 மீட்டர். கேடன்ஸ் 56 ஆகிவிடும்.

5 சதவீதத்தில் இதே கணக்கைப் போட்டால் பழைய 28 பல்லிலேயே 73 வருகிறது. அதனால்தான் ஏற்றம் இதமாக இருக்கிற இடங்களில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கோத்தகிரிச் சாலையின் சராசரி ஏற்றம் நாலரை சதவீதம்கூட வராது. சராசரியைப் பார்த்து கியர் வாங்கியவன் நான். முட்டியைக் கெடுப்பது சராசரி இல்லை, நடுநடுவே ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வரும் 7, 8 சதவீதத் துண்டுகள்தான்.

46-க்கும் 56-க்கும் பத்து மிதிதானே வித்தியாசம் என்று தோன்றலாம். அதே சக்தியைக் குறைந்த சுற்றில் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் கூடும். 46-ல் மிதிக்கும்போது, 70-ல் மிதிப்பதைவிட ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மிதி. மூச்சு வாங்கவில்லை, ஆனால் தொடை எரிகிறது என்றால் கியர் கனம். கால் லேசாக இருக்கிறது, மூச்சுத்தான் முட்டுகிறது என்றால் வேகம் அதிகம். இந்த இரண்டையும் பிரித்து அறியப் பழகியதுதான் இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

எல்லாரும் சொல்கிற 90 கேடன்ஸை மலையில் நான் துரத்துவதில்லை. அது சமதளத்துக்குச் சரி. என்னைப் போன்றவர்களுக்கு ஏற்றத்தில் உட்கார்ந்தபடி 65 முதல் 75 வரை போதும். கொஞ்ச தூரத்துக்கு 55 வந்தாலும் தாங்கும். 50-க்குக் கீழே பத்து நிமிடம் போனால் மறுநாள் முட்டி சொல்லிவிடும்.

கேசட் மாற்றியதில் ஒரு விபத்து நூலிழையில் தப்பியது. கடையில் புதிய கேசட்டைப் பொருத்தி, பழைய செயினையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆறு பல் கூடினால் செயினும் நீள வேண்டும். வீட்டில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரின் கூண்டு முழுக்க முன்னோக்கி இழுபட்டு, செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றது. ஓடுகிறபோது தெரியாமல் அந்த கியருக்குப் போயிருந்தால் டீரெய்லர் பிய்ந்து சக்கரக் கம்பிகளுக்குள் போயிருக்கும். செயினை மாற்றினேன். பிறகும் 34-ல் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தது. டீரெய்லரின் மேல் சிறு சக்கரம் பெரிய பல்லில் உரசிக்கொண்டிருந்தது. பி-ஸ்க்ரூவைத் திருகி இடைவெளி விட்டதும் நின்றுவிட்டது. வாங்கும் முன் உங்கள் டீரெய்லர் அதிகபட்சம் எத்தனை பல் தாங்கும் என்று பார்த்துவிடுங்கள். குட்டைக் கூண்டு டீரெய்லர்கள் பலவற்றுக்கு 34 ஆகாது.

இழந்தது ஒன்று உண்டு. ஒன்பது கியர் கேசட்டில் 34 வரை நீட்டினால் நடுவில் இடைவெளி பெரிதாகும். என்னுடையதில் 17-க்கு அடுத்தது 20. அவிநாசி சாலையில் எதிர்காற்றில் 90-ல் மிதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கியர் மாற்றினால், அதே வேகத்தில் கேடன்ஸ் 76-க்கு விழுகிறது, இல்லாவிட்டால் மேலே எகிறுகிறது. குழுவாகப் போகும்போது இது எரிச்சல். மலை ஏறுகிறவனுக்கு இந்த விலை சம்மதம்தான்.

புதிய கேசட்டில் என் வேகம் கூடவில்லை. முதல் மணி நேரத்தில் ஏறும் உயரம் இன்றும் அதே 560-ஐ ஒட்டித்தான். ஆனால் மூன்றாவது மணி நேரத்திலும் அதே எண் நிற்கிறது. முன்பு நின்று நின்று மூன்றேகால் மணி நேரம் ஆன பயணம், இப்போது இறங்காமல் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிகிறது.

இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் நம் ஓரம் உள்வட்டம். அந்த இடம் சாலையின் மற்ற பகுதியைவிடக் கொஞ்ச தூரத்துக்கு ரொம்பச் செங்குத்து. வளைவுக்குள் போய் மாற்றினால் செயின் அழுத்தத்தில் கடகடவென்று அலறும். பத்து மீட்டர் முன்பே, ஒரு மிதியை லேசாக்கி மாற்றிவிடுகிறேன். எதிரே வண்டி இல்லாதது நன்றாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் வெளிவட்டமாகப் போகிறேன்.

அடுத்து மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற ஆசை. 36 கொண்டை ஊசி வளைவுகள், 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. என் கணக்குப்படி அங்கே வேகம் மணிக்கு 5.6 கிலோமீட்டர், 34-க்கு 34-ல் கேடன்ஸ் 44. பழைய 28 பல்லில் கோத்தகிரியில் பட்ட பாட்டைவிட மோசம். முன்னால் 46-30 கிராங்க் போட்டால் 50 வரும். கிராங்கை மாற்றாமல் அந்தப் பக்கம் போவதாக இல்லை.