150 ரூபாய் சந்தன எண்ணெய்க் குப்பியில் என்ன இருக்கிறது?

என் மேஜையில் மூன்று குப்பிகள். மூன்றிலும் 'சுத்தமான சந்தன எண்ணெய்' என்று ஒட்டியிருக்கிறது. முதலாவது, தெரிந்த அத்தர் வியாபாரியிடம் வாங்கிய 2 மில்லி. இரண்டாவது, கடைவீதியில் 10 மில்லி 150 ரூபாய்க்கு வாங்கியது. மூன்றாவது ஆன்லைனில் வந்தது, 10 மில்லி 600 ரூபாய்.

மோந்து பார்க்கும் முன் ஒரு கணக்கு. சந்தன எண்ணெய் மரத்தின் நடுக்கட்டையான வைரத்திலும் வேரிலும்தான் ஊறுகிறது. வெளிப்புற வெள்ளைக் கட்டையில் ஒன்றும் கிடையாது. பத்துப் பதினைந்து வயதுக்கு மேல்தான் வைரம் பாயத் தொடங்கும். நல்ல எண்ணெய்க்கு இருபத்தைந்து, முப்பது வருஷமாவது வேண்டும். அப்படிப்பட்ட வைரத்தைத் தூளாக்கி இரண்டு மூன்று நாள் நீராவியில் வடித்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் வரும். அதாவது 1 கிலோ எண்ணெய்க்கு 20 கிலோ வைரம். கட்டை கிலோ 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம் (கேரளத்தின் மறையூர் சந்தன ஏலத்தில் நல்ல தரம் அதையும் தாண்டிப் போவதுண்டு). கட்டைக்கு மட்டும் 2 லட்சம். 10 மில்லிக்குப் பிரித்தால் 1,900 ரூபாய்க்கு மேல். விறகும் கூலியும் லாபமும் இன்னும் சேரவில்லை. சரி, அப்படியென்றால் 150-க்கும் 600-க்கும் கிடைத்தது என்ன?

மரமே குறைவு என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். திப்பு சுல்தான் 1792-இல் மைசூரில் இதை அரசு மரமாக்கினார். அதே வழக்கம் பிற்பாடும் தொடர்ந்தது. பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் மரம் சர்க்காருக்குச் சொந்தம். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர். கன்றைக் கண்டதும் பிடுங்கி எறிந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி உரிமையை நிலத்துக்காரருக்குக் கொடுத்தன. வெட்டுவதற்கு இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும். அப்புறம், சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பதித்து உறிஞ்சி வளரும் மரம். துணைச்செடி இல்லாமல் தனியாக நட்டால் தேறாது. திருட்டும், மரத்தைக் கொல்லும் ஸ்பைக் நோயும் வேறு.

இனி குப்பிகள். பலரும் சொல்லும் காகிதச் சோதனையை முதலில் செய்தேன்: ஒரு சொட்டு விட்டு, கறை நின்றால் போலி என்பார்கள். மூன்றிலும் மறுநாளும் கறை இருந்தது. உண்மையான சந்தன எண்ணெய் மிக மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் இதை நம்பி நல்ல சரக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உருப்படியான சோதனை சாராயம். 70 சதவீத எத்தனால் ஐந்து பங்கில் அசல் எண்ணெய் ஒரு பங்கு தெளிவாகக் கரையும். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் செய்து காட்டினான். 150 ரூபாய்க் குப்பி விட்டதுமே பால் மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாக இறங்கியது. விளக்கெண்ணெயில் வாசனை கலந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் 600 ரூபாய்க் குப்பி அசலைப் போலவே தெளிவாகக் கரைந்தது! செயற்கைச் சந்தன வாசனைப் பொருள்களும், அவற்றை நீர்க்க வைக்கும் திரவங்களும் சாராயத்தில் கரைபவைதான். இங்கே மூக்கும் பொறுமையும் வேண்டும். காகிதப் பட்டையில் தொட்டு வைத்தேன். செயற்கை முதல் நொடியிலேயே அறையை நிரப்பியது. நான்கு நாளும் அதே ஒரே சுருதி. அசல் தொடக்கத்தில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அரை மணியில் பால் மணம் போல ஒரு கொழுப்பும் இனிப்பும் மேலே வரும். மறுநாள் இன்னும் மென்மையாக மாறியிருக்கும்.

ஏமாற்று இல்லாத மாற்றுகளும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் சொந்த இனம் சந்தனத்தின் பங்காளிதான். ஆனால் அதில் சந்தன மணத்தைத் தரும் சந்தலால் குறைவு, மணம் சற்று உலர்ந்திருக்கும். (அங்கே தோட்டத்தில் வளர்க்கும் நம் இந்திய இனம் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.) 'மேற்கிந்தியச் சந்தனம்' என்று விற்கும் அமைரிஸ் உறவே இல்லை, ஹைட்டியில் விளையும் எலுமிச்சைக் குடும்பத்து மரம். செஞ்சந்தனத்தில் இந்த வாசனையே கிடையாது.

பெரிய தொகைக்கு வாங்குவதானால் நீங்கள் வாங்கும் சரக்குத் தொகுதிக்கே உரிய GC-MS அறிக்கையைக் கேளுங்கள்; எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஆய்வக அறிக்கை அது. இந்தியச் சந்தனத்தில் ஆல்ஃபா சந்தலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். ஆல்ஃபா 20-ஐ ஒட்டி இருந்தால் ஆஸ்திரேலிய இனமாக இருக்கலாம்.

சோப்புக்கோ ஊதுபத்திக்கோ என்றால் செயற்கையே போதும், அதைச் சொல்லி விற்றால் எனக்குப் புகார் இல்லை. பூஜைக்கு என்றால் குப்பியே வேண்டாம். அரசுக் கடையில் ஒரு சின்ன வைரக்கட்டை வாங்கிக் கல்லில் உரசிக்கொள்ளலாம்; பல வருஷம் வரும்.