பதினேழாம் நாள் தெரிந்த பழுது: திருச்சியில் ஒரு போனைத் திருப்பிக் கொடுத்த கதை

அம்மாவின் புதுப் போனில் இரண்டாவது சிம் எடுக்கவில்லை. டிசம்பர் 4ஆம் தேதி திருச்சியில் ஒரு மொபைல் கடையில் 17,499 ரூபாய்க்கு வாங்கிய போன் அது. பழுது தெரிந்தது 21ஆம் தேதி. நான் லண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்த நேரத்தில் அப்பாவின் பழைய பட்டன் போன் உயிரை விட்டுவிட்டது. அவருடைய சிம்மை அம்மா போனின் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் போதும் என்று நினைத்தோம். பென்ஷன் கணக்கு, கேஸ் புக்கிங் என்று வீட்டுக்கு வரும் ஓடிபி முழுக்க அந்த நம்பருக்குத்தான் வரும். சிம்மைப் போட்டுப் பார்த்தால் திரையில் ‘சிம் இல்லை’ என்றே நின்றது.

கடைக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்துவிடுவது நல்லது. அப்பாவின் சிம்மை முதல் ஸ்லாட்டில் போட்டோம், எடுத்தது. அம்மாவின் சிம்மை இரண்டாவதில் போட்டோம், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் சிம்மும் அதே கதைதான். ஆக, கோளாறு சிம்மில் இல்லை, ஸ்லாட்டில். இதையெல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தேன். நடுவில் *#06# அழுத்தி ஐஎம்ஈஐ எண்களைத் திரையில் காட்டி, பக்கத்தில் பில்லையும் வைத்தேன். வேறு போனை வைத்து எடுத்த வீடியோ என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா? அன்று இரவே கடையின் வாட்ஸாப்புக்கு வீடியோவையும் இரண்டு வரிப் புகாரையும் அனுப்பினேன். பின்னால் மிகவும் உதவியது அந்தச் செய்தியின் தேதிதான்.

மறுநாள் காலை கவுண்டரில் இருந்த பையன் பில்லைப் பார்த்ததுமே முடிவு சொல்லிவிட்டான்.

“அக்கா, ரீப்ளேஸ்மென்ட் ஏழு நாளுக்குத்தான். இது நாலாம் தேதி பில்லு. இனிமே நீங்க சர்வீஸ் சென்டர்தான் போகணும்.”

“நேத்துதானே தம்பி தெரிஞ்சது?”

“வாங்கின அன்னைக்கே செக் பண்ணியிருக்கணும்ல?”

அதுவரை பேசாமலிருந்த அம்மா கேட்டார்: “நீதானேப்பா சிம் போட்டுக் குடுத்த? ரெண்டாவது ஸ்லாட்டுல போட்டுப் பாத்தியா?”

பையனிடம் பதில் இல்லை. மேனேஜரை அழைத்துவந்தான். மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த ‘7 நாள் ரீப்ளேஸ்மென்ட்’ ஸ்டிக்கரைக் காட்டினார். அது கம்பெனி பாலிசி, நாங்கள் மாற்ற முடியாது என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அசையவில்லை.

இங்கே லண்டன் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க 30 நாள் இருக்கிறது. அந்த 30 நாள் பொருள் கைக்கு வந்ததிலிருந்துதான் ஓடும், பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல. அதற்குப் பிறகும், ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும் பழுது விற்கும்போதே இருந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு அனுமானம் எழுதப்படவில்லை. பழுது முதலிலிருந்தே இருந்தது என்று காட்டும் சுமை வாங்கியவர் தலையில். லண்டன் நினைப்பில் கடைக்குள் போய்க் குரலை உயர்த்துகிறவர்கள் இதில்தான் சறுக்குவார்கள்.

அதற்காக இங்கே வழியில்லை என்று அர்த்தமில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), எவையெல்லாம் முறையற்ற வணிக நடவடிக்கை என்று வரிசைப்படுத்துகிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது அதில் ஒன்று. எவ்வளவு காலத்துக்குள்? பில்லில் ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடவில்லையென்றால் 30 நாளுக்குள். பில், கேஷ் மெமோ, ரசீது இவற்றைத்தான் சட்டம் சொல்கிறது. சுவர் ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. எங்கள் பில்லை முன்னும் பின்னும் புரட்டினேன். ஜிஎஸ்டி எண், ஐஎம்ஈஐ, ‘வாரண்டி தயாரிப்பாளரைச் சேர்ந்தது’ என்ற ஒரு வரி. ஏழு நாள் என்ற பேச்சே இல்லை. வாங்கிய நாளிலிருந்து எண்ணினாலும் நாங்கள் 30 நாளுக்குள்தான் இருந்தோம்.

அப்படியானால் பழுது தெரிந்த தேதியை ஏன் இழுக்க வேண்டும்? ‘இவ்வளவு நாள் ஓட்டிவிட்டு இப்போது வந்து கேட்கிறீர்களே’ என்பதுதான் கடையின் உண்மையான வாதம். ஏழு நாள் என்பது அதற்கு ஒரு மேல்சட்டை. அதற்கான பதில்தான் தெரிந்த தேதி. ஆனால் வெறும் தேதியை மட்டும் சொன்னால் எடுபடாது. முதலில், சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று காட்ட வேண்டும். ஒரே சிம் வைத்திருப்பவர் காலியாக இருக்கும் ஸ்லாட்டைச் சோதிக்க மாட்டார், கடைப் பையனே சோதிக்கவில்லை. திரையில் கோடு, சார்ஜ் ஏறாதது போன்ற பழுதாக இருந்தால் இந்த வாதம் அன்றே செத்திருக்கும். அடுத்து, தெரிந்ததும் தாமதிக்காமல் சொன்னோம் என்று காட்ட வேண்டும். வாட்ஸாப் செய்தி அதற்குத்தான். கடைசியாக, இடையில் போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை என்று காட்ட வேண்டும். இதை நாம் வாயால் சொல்லிப் பயனில்லை, சர்வீஸ் சென்டர் எழுதித் தர வேண்டும்.

ஆகவே மேனேஜர் போகச் சொன்ன சர்வீஸ் சென்டருக்கே போனோம், ஆனால் ரிப்பேருக்காக அல்ல. போனைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கிருந்த பெண் முதலில் ‘நெட்வொர்க் பிரச்சினை, சாஃப்ட்வேர் அப்டேட்’ என்று தட்டினார். அப்படியே விட்டிருந்தால் அப்டேட் போட்டுக் கையில் கொடுத்து, ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடியிருப்பார்கள். பழுது இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போயிருக்கும். ‘சிம் 2 எடுக்கவில்லை, சிம் 1 வேலை செய்கிறது’ என்று மாற்றி எழுதச் சொன்னேன். டெக்னீஷியன் உள்ளே பார்த்துவிட்டு வந்ததும், ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருக்கிறது, ட்ரே பின்கள் வளையவில்லை, உடலில் அடி இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்டேன். முனகிக்கொண்டே எழுதினார். மதர்போர்டு மாற்ற வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. போர்டு மாற்ற நாங்கள் சம்மதிக்கவில்லை. தேதியும் முத்திரையும் போட்ட ஜாப் ஷீட்டோடு போனைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ரிப்பேருக்கு ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் மாற்றித் தா என்று கேட்பது கஷ்டம்.

அன்று மாலையே கடைக்கு அம்மா பெயரில் ஒரு கடிதம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே கேட்பதுதான் பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை சத்தம் போடலாம், கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான்:

“டிசம்பர் 4 அன்று வாங்கிய போனில் இரண்டாவது சிம் ஸ்லாட் வேலை செய்யவில்லை. அதில் முதன்முறையாக சிம் போட்ட டிசம்பர் 21 அன்றுதான் இது தெரிந்தது, அன்றே உங்களுக்குத் தெரிவித்தேன். ஈரமோ அடியோ பட்ட அடையாளம் இல்லை என்று சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட் சொல்கிறது. உங்கள் பில்லில் திருப்பியளிக்கும் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே பிரிவு 2(47)இன்படி 30 நாள் பொருந்தும். போனை மாற்றித் தரவும், அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முத்திரை கேட்டோம். முத்திரை போட மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கடைக்கு அனுப்பினேன். 1915 தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்பது கடைக்குத் தெரியும். அம்மா குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலும் பதியலாம். நான் விமானம் ஏறிவிட்டால் விஷயம் ஆறிவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு உடைந்தது இங்கேதான்.

30 நாள் தாண்டியிருந்தால்? அப்போது பிரிவு 2(47)இன் பிடி தளர்ந்துவிடும். ஆனால் ஆணையத்துக்குப் போகும் காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அங்கே தெரிந்த தேதிக்கும், கடை மறுத்த தேதிக்கும் கனம் அதிகம். ஆனால் அந்த நிலையில் வாரண்டியில் ரிப்பேர் செய்துகொள்ளுங்கள் என்ற பதிலைத் தட்டிக்கழிப்பது சுலபமில்லை. ஆறு மாதம் ஓட்டிய போனுக்குப் புதுப் போன் கேட்டு நான் மல்லுக்கட்ட மாட்டேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு மேனேஜரே அழைத்தார். பணம் தர மாட்டார்களாம், அதே மாடல் வேறு பீஸ் தருவார்களாம். சரி என்றோம். பெட்டி, சார்ஜர், கேபிள் எல்லாம் கேட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல் பீரோவின் மேல் வைத்திருந்தது அம்மாவின் புண்ணியம். கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுப் போனை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிக்கொண்டு அதற்கு வேறு ஒரு சண்டை வரும். புது ஐஎம்ஈஐ போட்ட புது பில் கட்டாயம் வாங்க வேண்டும், வாரண்டி அந்த எண்ணோடுதான் போகும். பழைய பில்லிலேயே பேனாவால் திருத்தித் தருகிறேன் என்றார், ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் பிறகு யுபிஐயையும் பேங்க் ஆப்பையும் புதுப் போனில் மறுபடி பதிய அரை நாள் போனது தனிக்கதை.

புது பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் ரப்பர் ஸ்டாம்ப், மை இன்னும் காயவில்லை: ‘பழுது இருந்தால் 7 நாளுக்குள் மட்டும்’. அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. கைப்பையிலிருந்து அப்பாவின் சிம்மை எடுத்துப் பையனிடம் நீட்டி, “ரெண்டாவதுல போடுப்பா” என்றார்.