பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்துக்கு எந்தக் காலநிலை வரைபடம்? மூன்றை அருகருகே வைத்து ஓர் அலசல்

மாத மழையைப் பட்டைகளாகவும் வெப்பத்தைக் கோடாகவும் ஒரே படத்தில் போடுவது பள்ளிக்கூடப் புவியியல் பாடத்திலேயே நமக்குப் பழகிவிட்டது. மழைப் பட்டையில் பெரிய சிக்கல் இல்லை. கோட்டை எந்த அளவில் வரைகிறோம், எதைக் கோடாக வரைகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே எண்களை வைத்துக்கொண்டு பினாங்கை வறண்ட மாதமே இல்லாத ஊராகவும் காட்டலாம், மூன்று மாதம் தண்ணீர் போதாத ஊராகவும் காட்டலாம். தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டில் எது உண்மை என்பது முக்கியம்.

பாலிக் புலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய வானிலை நிலையம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். அதன் நீண்ட காலச் சராசரியை முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். டிசம்பரில் 114 மில்லிமீட்டர், ஜனவரியில் 69, பிப்ரவரியில் 72, மார்ச்சில் 146. அங்கிருந்து ஏறி, ஜூனில் 178க்குக் கொஞ்சம் இறங்கி, செப்டம்பரில் 356, அக்டோபரில் 383 என்று உச்சத்துக்குப் போகிறது. ஆண்டுக்குச் சுமார் 2,400. சராசரி வெப்பமோ ஆண்டு முழுக்க 27, 28 டிகிரியை விட்டு நகர்வதே இல்லை.

முதலில், எல்லோரும் போடும் படம். எக்செலில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, Combo படத்தைச் சொடுக்கி, வெப்பத்துக்கு Secondary Axis என்று குறியிட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். இடது பக்கம் மழை, வலது பக்கம் வெப்பம். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் வலது அச்சின் எல்லைகளை மென்பொருளின் போக்கில் விட்டால் அது 26இலிருந்து 28.5 வரை என்பதுபோல ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்துவிடும். ஒரே ஒரு டிகிரி ஏற்ற இறக்கம் மலையும் பள்ளத்தாக்கும்போலத் தெரியும். ஆறாம் படிவ மாணவர் ஒருவர் இப்படி வரைந்த படத்தைக் காட்டி, "அண்ணே, வெப்பக் கோடு மார்ச்சில் மேலே போகிறது, அக்டோபரில் மழைப் பட்டைக்குள்ளே இறங்குகிறது. அப்படியென்றால் அக்டோபரில்தானே குளிர்?" என்று கேட்டார். அவர் படத்தைச் சரியாகத்தான் படித்தார். படம்தான் அப்படிச் சொல்கிறது.

இதில் கோடு பட்டையை வெட்டும் இடத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒன்று மில்லிமீட்டர், இன்னொன்று டிகிரி. மழை அச்சின் Maximum மதிப்பை 400இலிருந்து 600க்கு மாற்றிப் பாருங்கள். வெட்டும் இடம் உடனே நகர்ந்துவிடும். வானிலை மாறவில்லை, அச்சு மட்டும்தான் மாறியது. இந்தப் படத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றால் வெப்ப அச்சின் Minimum மதிப்பைச் சுழியத்திலும் Maximum மதிப்பை 40இலும் நிறுத்திவிடுங்கள். அப்போது கோடு ஏறக்குறைய நேராகக் கிடக்கும். பினாங்கின் வெப்பத்தைப் பற்றிய உண்மையும் அதுதான்.

இரண்டாவது, அச்சுகளைக் கட்டிப்போடும் முறை. 1953இல் பாஞுல்ஸ், கோசன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு விதியைச் சொன்னார்கள்: ஒரு மாதத்தின் மழை, மில்லிமீட்டரில், அந்த மாதச் சராசரி வெப்பத்தின் இரு மடங்கைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். அதே விதியை வைத்து வால்ட்டர், லீத் என்ற ஜெர்மன் தாவர அறிஞர்கள் உலகம் முழுவதற்கும் வரைபடங்கள் போட்டார்கள். 10 டிகிரிக்கு எதிரே 20 மில்லிமீட்டர் என்று இரண்டு அச்சும் பூட்டப்பட்டிருக்கும். மழை வெப்பக் கோட்டுக்குக் கீழே போனால் வறட்சி, மேலே இருந்தால் ஈரம். இங்கே வெட்டும் இடத்துக்கு அர்த்தம் இருக்கிறது. முதல் படத்தைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

சரி, பாயான் லெப்பாஸுக்குப் போட்டுப் பார்ப்போம். 27 டிகிரியின் இரு மடங்கு 54. ஆண்டிலேயே குறைந்த மழையான ஜனவரியில் 69. ஆக, வறண்ட மாதம் ஒன்றுகூட இல்லை என்று படம் சொல்கிறது. இதை பாலிக் புலாவ் தோட்டக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "ஜனவரி, பிப்ரவரியில் இளங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் எந்த வருஷம் இருந்தோம்? மழை போதும் என்று எந்தக் கோடு சொல்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

விதியின் உள்ளே ஓர் அனுமானம் இருக்கிறது. வெப்பம் இவ்வளவு என்றால் தண்ணீர் இவ்வளவு ஆவியாகும் என்று அது எடுத்துக்கொள்கிறது. 27 டிகிரிக்கு 54 மில்லிமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1.8 மில்லிமீட்டர். நம் சமவெளியில் உண்மையில் ஆவியாவது நாளைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர். ஆவியாதலை வெப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை; வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்த விதி மத்தியதரைக் கடல் பகுதியில் நன்றாகப் பொருந்தும். அங்கே கோடையில் சூடும் வறட்சியும் கைகோத்து வரும், குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்து விலகும். நம் முன்னோர் பலர் கப்பல் ஏறி வந்த திருச்சி, தஞ்சைப் பக்கமும் அது ஓரளவு வேலை செய்யும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அங்கே ஆறேழு டிகிரி வித்தியாசம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை திருச்சியில் மாதத்துக்குச் சராசரியாக 20 மில்லிமீட்டர்கூட மழை கிடையாது. எந்த விதி போட்டாலும் அது வறட்சிதான். பினாங்கிலோ கோடு 54, 56 என்று படுத்தே கிடக்கிறது. பூட்டிய அச்சு இருந்தும் கோடு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 100 மில்லிமீட்டருக்கு மேலே மழை அச்சைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவது இந்த முறையின் வழக்கம், படம் காகிதத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதற்காக. அதனால் ஜூனின் 178 சுமார் 108 உயரத்திலும், அக்டோபரின் 383 சுமார் 128 உயரத்திலும் நிற்கும். இரு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் விரல் அகலத்துக்கு இறங்கிவிடுகிறது. சரிவு நிலத்தில் வாய்க்கால் வெட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் தேவை.

மூன்றாவது முறையில் வெப்பக் கோட்டையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீர்த்தேவைக் கோட்டைப் போடுகிறோம். மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் ஆவியாகிப் போகும் என்ற கணக்கு. பட்டையும் மில்லிமீட்டர், கோடும் மில்லிமீட்டர், ஆகவே ஒரே அச்சு போதும். எக்செலில் A நிரலில் மாதம், B நிரலில் நாட்கள், C நிரலில் மழை இருந்தால் D, E நிரல்களுக்கு இவ்வளவுதான்:

```
D2:  =4.5*B2
E2:  =C2-D2
```

4.5 என்பது நான் நடுவில் எடுத்துக்கொண்ட எண். வெயில் கொளுத்தும் மாதத்தில் அது கூடும், மேகம் மூடிய அக்டோபரில் குறையும். அதனால் வறட்சிக் காலத்தின் பற்றாக்குறையைக் கணக்கு கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். இப்போது பாருங்கள்: டிசம்பரில் தேவை 140, மழை 114, குறை 26. ஜனவரியில் தேவை 140, மழை 69, குறை 71. பிப்ரவரியில் தேவை 126, மழை 72, குறை 54. மார்ச்சில் 146க்கு 140 என்று தட்டுத் தடுமாறிச் சமமாகிறது. அப்புறம் நவம்பர் வரை மிச்சம்தான்.

மண் தேக்கி வைத்திருக்கும் ஈரத்தையும் இதில் சேர்க்கலாம். வேர் பரவிய மண்ணில் 100 மில்லிமீட்டர் தங்கும் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் முடிவில் அது நிரம்பியிருக்கும். டிசம்பர் முடிவில் 74. ஜனவரி முடிவில் வெறும் 3. பிப்ரவரியில் மரம் உண்மையாகவே தாகத்தில் நிற்கிறது. டுரியானுக்கு இந்தத் தாகம் வேண்டும். ஒன்று, இரண்டு வாரம் மழை விட்டால்தான் கிளையில் மொட்டுத் தட்டும். மொட்டு பூவாக விரிய ஐந்து, ஆறு வாரம். பூவிலிருந்து பழம் விழ ஏறக்குறைய நான்கு மாதம், இனத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். ஜனவரி கடைசியில், பிப்ரவரி தொடக்கத்தில் மொட்டு விட்டால் மார்ச்சில் பூ, ஜூன், ஜூலையில் பழம். பாலிக் புலாவ் பழம் சந்தைக்கு வரும் காலத்தோடு இது ஒத்துப்போகிறது. முதல் இரண்டு படங்களில் இந்தத் தொடர்பு கண்ணில் படவே படாது. மார்ச் பட்டையைத் தோட்டக்காரர் ஏன் பயத்தோடு பார்க்கிறார் என்பதும் இங்கே புரியும்: விரிந்த பூவின் மேல் கனமழை அடித்தால் பூ கொட்டிவிடும்.

ஆகவே பினாங்கில் விவசாயத்துக்கு என்றால் நான் மூன்றாவதையே சொல்வேன், தயக்கம் இல்லாமல். வெப்பத்தைப் படத்துக்குக் கீழே ஒரே வரியில் எண்ணாக எழுதினால் போதும். கேமரன் மலையையும் பினாங்கையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் கதை வேறு. கீரையும் கோசும் அங்கே விளைவதற்குக் காரணமே வெப்பம்தான், அதைக் கோடாகக் காட்டியே ஆக வேண்டும். அப்போதும் இரண்டு ஊருக்கும் ஒரே அச்சு எல்லை இருக்கட்டும்.

மூன்றாவது படத்துக்கும் ஓட்டை உண்டு. பிப்ரவரியின் 72 மில்லிமீட்டர் எப்படிப் பெய்தது என்று பட்டை சொல்லாது. ஒரே சாயங்காலம் 60 கொட்டி, மீதி நாளெல்லாம் காய்ந்திருந்தால் மொட்டு வரும். அதே 72 மூன்று நாளைக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக வந்தால் மொட்டு வராமலே போகலாம். இரண்டு பிப்ரவரிக்கும் பட்டை ஒரே உயரம். அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் கீழே அந்த மாதத்தின் மழை நாட்களையும், தொடர்ந்து மழையில்லாமல் போன நாட்களில் நீளமானதையும் எழுதிவிடுவது நல்லது. இதற்கு மாதக் கணக்கு போதாது, நாள் கணக்கு வேண்டும்.

சராசரியும் அப்படித்தான். நவம்பர் சராசரி 232. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கை மூழ்கடித்த மழை, ஒரு நாளுக்குள்ளேயே சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. சராசரிப் பட்டையின் மேல் கூடுதல், குறைவு காட்டும் மெல்லிய கோடு ஒன்றை நிறுத்தினால்தான் இந்த மாதிரி ஆண்டுகளுக்கும் படத்தில் இடம் இருக்கும்.

கடைசியாக, விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. பாலிக் புலாவ் மலைத்தொடருக்கு மேற்கே. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதை அங்கே இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். தோட்டத்தில், மரக்கிளை மறைக்காத திறந்த இடத்தில், ஒரு சாதாரண மழைமானியை நட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். நிலையத்தின் பட்டையும் உங்கள் பட்டையும் டிசம்பர் முதல் மார்ச் வரை எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். விலகல் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கமாக இருந்தால், E நிரலின் கணக்கை உங்கள் எண்ணை வைத்தே போடுங்கள்.