ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால்: மார்த்தாண்டத்தில் எனக்கு நடந்தது

ஜூன் 3 அன்று ரப்பர் ஷீட் விற்ற காசில் பத்தாயிரம் எடுக்க மார்த்தாண்டத்தில் வேறொரு வங்கியின் ஏடிஎம்முக்குப் போனேன். இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது, நோட்டு மட்டும் வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

எந்த ஏடிஎம்மாக இருந்தாலும் நமக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். மறுநாளே என் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பதிந்து, புகார் எண்ணும் எழுதிக் கொடுத்தார். 13ஆம் தேதி ஒரு மெசேஜ்: 'பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது.' எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 16ஆம் தேதி அவர் மறுபடி பதிந்தார். அதுவும் ஒரே வாரத்தில் அதே பதிலோடு மூடப்பட்டது.

அன்று ராத்திரி வட்டார மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாதிக்கு மேல் அந்தப் பெண்ணைத் திட்டியதுதான். என் மனைவி படித்துவிட்டு, "அவ செய்யாததுன்னு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். யோசித்தால் ஒன்றும் இல்லை. இரண்டு முறையும் புகாரை மூடியது தலைமையகத்தின் ஏடிஎம் பிரிவு.

காலையில் கிளைக்குப் போய், "மேலே எழுதப் போறேன், உங்க பேர்ல குறை இல்லை" என்று அவரிடமே சொன்னேன். "தாராளமா எழுதுங்க சார். நான் அனுப்பின தேதியையும் போடுங்க" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்: அந்த இயந்திரத்தின் அன்றைய பதிவேட்டையும், பணப்பெட்டியில் எண்ணியபோது காசு கூடுதலாக இருந்ததா என்பதையும் கேட்க வேண்டுமாம். 'வெற்றி' என்பது கணினி அனுப்பிய குறியீடு மட்டும்தான், நோட்டு வெளியே வந்ததற்கு அது சாட்சி இல்லை.

புதுக் கடிதம் ஒரு பக்கம். தேதிகள், இரண்டு புகார் எண்கள், 'கிளை ஊழியர் இரு முறையும் உடனே பதிந்தார், கோளாறு அதற்கு மேலே' என்று ஒரு வரி, கடைசியில் அந்த இரண்டு கேள்விகள். நகல் கிளைக்கும் போனது. ஜூன் 26இல் பத்தாயிரம் திரும்ப வந்தது.

பத்தாயிரம் மட்டும்தான் வந்தது! ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும். 8ஆம் தேதியோடு கெடு முடிந்தது, தாமதம் 18 நாள், ஆக 1,800 ரூபாய். அந்தக் கடிதத்தின் தொடர்ச்சியாக இந்தக் கணக்கையும் எழுதி அனுப்பிய பிறகுதான் அதுவும் வந்தது.

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. ஏடிஎம் சீட்டு கிடைத்தால் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், என்னுடையது சட்டைப்பையிலேயே வெளுத்துப்போனது.